ப்ரீலோடு கூடினால் அந்த மூலை நகருமா?

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவி ஒருவர், உடலியங்கியல் வைவா முடிந்த மறுநாள் இரண்டு பாடநூல்களைத் திறந்தபடியே எங்கள் துறைக்குக் கொண்டுவந்தார். இரண்டிலும், இதயத்தின் இடது கீழறையான இடது வென்ட்ரிக்கிளின் ஒரு துடிப்பைக் காட்டும் அழுத்தம்–கனஅளவு வளையம் இருந்தது. ப்ரீலோடு, அதாவது சுருங்கத் தொடங்கும் முன் வென்ட்ரிக்கிள் நிரம்பியிருக்கும் அளவு, கூடினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, இரண்டிலும் பழைய வளையத்தின் மேல் புதிய வளையம் ஒன்று புள்ளிக்கோட்டில் வரையப்பட்டிருந்தது. ஒரு நூலில் அந்தப் புதிய வளையம் வலப்பக்கம் மட்டும் அகன்றிருந்தது. இடப்பக்கச் சுவர் இம்மியும் அசையவில்லை. மற்ற நூலில் அது வலப்பக்கம் அகன்றதோடு உயரமும் கூடி, இடப்பக்கச் சுவரும் சற்றே வலப்புறம் தள்ளி நின்றது. "முதல் படத்தைத்தான் மேடம் வரைஞ்சேன், தப்புன்னு சொல்லிட்டாங்க. ரெண்டுல எது சரி?" என்று கேட்டார்.

இரண்டும் சரி என்பதே விடை. ஆனால் அதை அப்படியே சொல்லி அனுப்பிவிட்டால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எது மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அந்தப் படம் வரையப்பட்டது என்பதைச் சொல்லாமல், மாறியதை மட்டும் காட்டுவதால் வரும் குழப்பம் இது. வளையத்தைப் பற்றி வைவாவில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே வளையத்தின் மேல் இடது மூலையைப் பற்றி மட்டும், எண்களோடு, நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

## நான்கு மூலைகளும் ஒரு வளைந்த அடிக்கோடும்

கிடை அச்சில் கனஅளவு, நிமிர் அச்சில் அழுத்தம். நேரத்துக்கு இந்தப் படத்தில் அச்சே கிடையாது; வளையம் இடஞ்சுழியாக ஓடுகிறது என்ற ஒன்றுதான் எது முன், எது பின் என்பதைச் சொல்கிறது. கீழ் வலது மூலையில், இரத்தத்தை உள்ளே விடும் மைட்ரல் வால்வு மூடுகிறது. அப்போது உள்ளே இருப்பது ஈ.டி.வி. எனப்படும், தளர்ந்து நிரம்பும் கட்டமான டயஸ்டோல் முடிவின் கனஅளவு, 120 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நேர் மேலே ஏறி, மகாதமனியின் டயஸ்டோலிக் அழுத்தமான 80 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும்போது அயோர்ட்டிக் வால்வு திறக்கிறது. பிறகு இரத்தம் வெளியேற வெளியேற வளையம் இடப்புறமாக நகர்ந்து, அழுத்தம் 120 வரை ஏறி, சற்று இறங்கி, அயோர்ட்டிக் வால்வு மூடும் மேல் இடது மூலைக்கு வருகிறது. அங்கே கனஅளவு 50 மி.லி.; இதுதான் ஈ.எஸ்.வி., அதாவது சுருங்கும் கட்டமான சிஸ்டோல் முடிவின் கனஅளவு. அங்கிருந்து நேர் கீழே இறங்கினால் மைட்ரல் வால்வு திறக்கும் நான்காவது மூலை.

இந்தச் சட்டகத்தை எல்லா மாணவர்களும் வரைந்துவிடுகிறார்கள். பலர் தவறவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, அடிக்கோடு. நான்காவது மூலையிலிருந்து வலப்புறம் போகும்போது அது முதலிலிருந்தே ஏறுவதாகப் பலர் வரைகிறார்கள். உண்மையில் மைட்ரல் வால்வு திறந்து இரத்தம் உள்ளே பாயத் தொடங்கிய பிறகும் தசை தளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கனஅளவு கூடும்போதே அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கி, அதன் பிறகுதான் மெல்ல ஏறுகிறது. நிரம்ப நிரம்ப அழுத்தம் ஏன் குறைகிறது என்று தேர்வாளர் கேட்டால், தளர்வு இன்னும் முடியவில்லை என்பதுதான் பதில். இரண்டாவது, மேல் இடது மூலையின் உயரம். அது சிஸ்டோலிக் அழுத்தமான 120 அல்ல. உச்சம் அதற்கு முன்பே கடந்துவிட்டது. இரத்தம் தன் உந்தத்தால் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கையில் அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. மூலையின் அழுத்தம் உச்சத்தைவிடக் குறைவு. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று 100 என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, மூலை (50, 100) என்ற புள்ளியில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவது 70 மி.லி.; ஈ.டி.வி.யில் வெளியேறும் பங்கான எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் 58 விழுக்காடு. இந்தப் புள்ளி ஏன் சரியாக அங்கே விழுகிறது? 60-இலோ 40-இலோ விழாமல் 50-இல் விழ என்ன காரணம்? வளையத்தை மனப்பாடமாக வரையும் மாணவர்கள் கேட்கத் தவறும் கேள்வி இதுதான்.

## இதயம் போடும் கோடு

1970-களில் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி சுகாவும் கிச்சி சகாவாவும் நாயின் இதயத்தை வெளியே எடுத்து, இன்னொரு நாயின் இரத்தத்தால் உயிரோடு வைத்து, இடது வென்ட்ரிக்கிளின் கனஅளவைத் தாங்களே மாற்றி மாற்றி அழுத்தத்தை அளந்தார்கள். நிறைய நிரப்பினாலும் குறைவாக நிரப்பினாலும், வெளியேற விட்டாலும் விடாமல் அடைத்து வைத்தாலும், சிஸ்டோல் முடிவுப் புள்ளிகள் யாவும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழுந்தன. இதயத்தின் சுருங்கு திறனைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தபோது கோடு இன்னும் செங்குத்தாயிற்று. ஓட்டோ ஃபிராங்க் 1890-களில் தவளை இதயத்தில் இதே கேள்வியைத்தான் கையாண்டார். ஆனால் வெளியேறும் துடிப்புக்கும் அடைக்கப்பட்ட துடிப்புக்கும் தனித்தனிக் கோடுகள் அவருக்குக் கிடைத்தன. பாலூட்டி இதயத்தில் அவை ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன என்று தெரிந்ததால்தான் இந்தக் கோட்டுக்கு இத்தனை மதிப்பு வந்தது.

அந்தக் கோட்டின் பொருள் எளிது. சிஸ்டோல் முடிவில் இந்த இதயம் இந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க வேண்டுமென்றால் உள்ளே இவ்வளவு இரத்தம் மிஞ்சியே தீரும். நம் எடுத்துக்காட்டில் கோடு பூச்சியத்திலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டால், 50 மி.லி.க்கு 100 மி.மீ.; அதாவது ஒரு மி.லி.க்கு 2 மி.மீ. சரிவு. உண்மையான இதயத்தில் அது சரியாகப் பூச்சியத்தில் தொடங்குவதில்லை; அகன்ற எல்லையில் பார்த்தால் கோடு சற்று வளைவதும் உண்டு. ஆனால் நாம் பேசப்போகும் காரணகாரியத்தை அவை குலைப்பதில்லை.

மூலை எப்போதும் இந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும். இதுவரை மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் கோட்டின் மேல் எந்த இடத்தில் என்பதை இந்தக் கோடு சொல்வதில்லை. அதைச் சொல்ல இன்னொன்று வேண்டும்.

## தமனி போடும் கோடு

சிக்கல் அவிழும் இடம் இது. மூலையின் உயரத்தை இதயம் தனியாக முடிவு செய்வதில்லை. எதிரே இருக்கும் தமனி மண்டலமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் தமனிக்குள் தள்ளப்படுகிறதோ அதற்கேற்ப அங்கே அழுத்தம் எழுகிறது. நிறையத் தள்ளினால் நிறைய எழும். நம் ஆளுக்கு 70 மி.லி. தள்ளினால் 100 மி.மீ. எழுகிறது. இந்த விகிதத்தை, ஏறத்தாழ 1.4, பால்டிமோர் குழுவைச் சேர்ந்த சுனாகாவாவும் உடனிருந்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் அதே படத்தின் மேலேயே ஒரு கோடாக வரைந்து காட்டினார்கள். கிடை அச்சில் ஈ.டி.வி. இருக்கும் 120-இலிருந்து கிளம்பி, இடப்புறமாக மேலே ஏறும் கோடு அது. இதயத்தின் கோடு இடமிருந்து வலமாக ஏறுகிறது. தமனியின் கோடு வலமிருந்து இடமாக ஏறுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே மேல் இடது மூலை. தமனியின் கோடு எவ்வளவு செங்குத்து என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை புற எதிர்ப்பும் இதயத் துடிப்பு வீதமும். பெருந்தமனிகளின் விறைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது மாணவியின் இரண்டு படங்களுக்கு வருவோம். ஈ.டி.வி.யை 120-இலிருந்து 144-ஆக உயர்த்துகிறோம். சுருங்கு திறன் மாறவில்லை. முதல் நூலின் ஓவியர், தமனி அழுத்தம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டார். மூலையின் உயரம் 100-ஆகவே நின்றால், இதயத்தின் கோட்டில் 100-க்கு நேராக இருப்பது அதே 50 மி.லி.தான். ஆகவே ஈ.எஸ்.வி. மாறவில்லை, கூடுதலாக வந்த 24 மி.லி.யும் வெளியேறி, துடிப்புக் கனஅளவு 94 ஆகிறது. இடச்சுவர் அசையாத படம் இப்படி வருகிறது. இரண்டாம் நூலின் ஓவியர், தமனியின் எதிர்ப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டார். அப்போது தமனியின் கோடு தன் சரிவு மாறாமல் 144-இலிருந்து கிளம்பும் இணைகோடாக வலப்புறம் நகர்கிறது. அது இதயத்தின் கோட்டை வெட்டும் இடம் 60 மி.லி., 120 மி.மீ. வெளியேறுவது 84 மி.லி. கூடுதல் இரத்தம் தமனிக்குள் போனதால் அழுத்தம் ஏறியது. ஏறிய அழுத்தத்தை எதிர்த்ததால் 10 மி.லி. கூடுதலாக மிஞ்சியது. இடச்சுவர் நகர்ந்த படம் இப்படி வருகிறது.

உயிருள்ள உடலில் நடப்பது எது? ஒருவருக்குத் திடீரென்று சிரை வழியே திரவம் ஏற்றினால், அந்தச் சில துடிப்புகளில் அவருடைய தமனிகளின் எதிர்ப்புதான் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். அழுத்தம் மாறாமல் இருக்காது. ஆகவே இரண்டாம் படமே உடலுக்கு அண்மையானது. முதல் படம் ஆய்வுக்கூடத்துக்கு உரியது. உடலியங்கியலாளர் ஸ்டார்லிங்கின் இதய–நுரையீரல் ஆய்வமைப்பில், தமனிப் பக்கத்தில் அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் பிடித்து வைக்க ஒரு கருவி இருந்தது. இரத்தத் தொட்டியை உயர்த்தி உள்வரவைக் கூட்டினாலும் வெளியழுத்தம் பெரிதாக ஏறாது. பாடநூல்கள் அந்த மரபையும் தொடர்கின்றன. தவறென்று சொல்ல முடியாது. தேர்வாளர் மனத்தில் இரண்டாம் படம் இருந்து, மாணவி முதல் படத்தை வரைந்து, இருவருமே நிபந்தனையைச் சொல்லாததால் மதிப்பெண் போயிற்று. "தமனி அழுத்தத்தை மாறாமல் வைத்தால்" என்ற ஒரு சொற்றொடரைப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தால் அந்தப் பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் படத்தில் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் 65 விழுக்காடாக ஏறுகிறது. இரண்டாவதில் 84-ஐ 144-ஆல் வகுத்தால் அதே 58. சுருங்கு திறன் மாறவே இல்லை. ஆயினும் நிபந்தனையைப் பொறுத்து அந்த எண் ஏறவும் செய்கிறது, ஏறாமல் இருக்கவும் செய்கிறது. எஜெக்ஷன் ஃப்ராக்ஷன்தான் சுருங்கு திறனின் அளவு என்று வைவாவில் சொல்லும் மாணவரிடம், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

## ஆஃப்டர்லோடு: முதல் துடிப்பும் அதற்குப் பிறகும்

ஆஃப்டர்லோடு, அதாவது இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை, கூடும்போதும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. எல்லா நூல்களும் ஒரே படத்தைத்தான் தருகின்றன: வளையம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் ஆகிறது, ஈ.டி.வி. மாறவில்லை, ஈ.எஸ்.வி. ஏறுகிறது, துடிப்புக் கனஅளவு குறைகிறது. இதைச் சரியாக வரைந்த மாணவரிடம் தேர்வாளர் அடுத்து கேட்பார்: "அப்போ ரத்தக்கொதிப்பு இருக்கிறவங்களுக்கெல்லாம் கார்டியாக் அவுட்புட் குறைவாவா இருக்கு?" நிமிடத்துக்கு இதயம் தள்ளும் மொத்த இரத்தம் அவர்களுக்குப் பெரும்பாலும் குறைவதில்லை. நன்கு பேசிக்கொண்டிருந்த மாணவர்கள்கூட இங்கே அமைதியாகிவிடுகிறார்கள்.

எதிர்ப்பை 40 விழுக்காடு கூட்டுவோம். தமனியின் கோட்டின் சரிவு 1.4-இலிருந்து 2 ஆகிறது. இதயத்தின் கோடும் அதே 2-இல் இருக்கிறது. முதல் துடிப்பில் 120-இலிருந்து கிளம்பும் புதிய கோடு, இதயத்தின் கோட்டை 60 மி.லி., 120 மி.மீ. என்ற இடத்தில் வெட்டுகிறது. வெளியேறுவது 60. பாடநூல் படம் இந்த ஒரு துடிப்பின் படம். அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ஆனால் வலது வென்ட்ரிக்கிளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது வழக்கம்போல் 70 மி.லி.யை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கத்தில் ஏற்கெனவே மிஞ்சியிருப்பது 60. ஆகவே இரண்டாம் துடிப்பு 130-இல் தொடங்குகிறது. இரண்டு சரிவுகளும் சமமாக இருப்பதால் பாதி வெளியேறும், 65. மிஞ்சியது 65, வருவது 70. மூன்றாம் துடிப்பு 135-இல் தொடங்கி 67.5-ஐ வெளியேற்றுகிறது. இப்படியே போய் ஈ.டி.வி. 140-இல் நிலைகொள்கிறது, வெளியேறுவது மறுபடி 70, மிஞ்சுவது 70, மூலையின் அழுத்தம் 140. எதிர்ப்பு 40 விழுக்காடு கூடிற்று, ஓட்டம் பழையபடி ஆயிற்று, அழுத்தமும் 40 விழுக்காடு கூடிற்று, கணக்கு நேராகிவிட்டது.

ஆகவே தேர்வாளருக்குத் தர வேண்டிய பதில் இது: குறைவு என்பது முதல் துடிப்புக்கு உரியது, அந்தக் குறைவே உள்ளே இரத்தத்தைத் தேக்கி அடுத்த துடிப்பின் ப்ரீலோடைக் கூட்டுகிறது, புதிய நிலையில் வளையம் உயரமாகவும் வலப்புறம் தள்ளியும் நிற்கும், அகலம் பழைய அகலமே. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை டயஸ்டோலிக் பக்கத்தில் இருக்கிறது. 120-இலிருந்து 140-க்கு நிரப்ப வேண்டுமானால் அடிக்கோட்டின் செங்குத்தான பகுதியில் ஏற வேண்டும். நுரையீரல் பக்க அழுத்தமும் சேர்ந்து ஏறும். உண்மையில் இந்த ஏற்றம் உள்வரவைச் சற்றுக் குறைக்கும் என்பதால் துடிப்புக் கனஅளவு முழுமையாக 70-க்குத் திரும்பாமல் கொஞ்சம் கீழேயே நிற்கக்கூடும்.

கதை இங்கேயும் முடிவதில்லை. ஸ்டார்லிங்கின் அமைப்பிலேயே, தமனி அழுத்தத்தைக் கூட்டியவுடன் வீங்கிய இதயம் சில நிமிடங்களில் ஓரளவு பழைய அளவுக்குச் சுருங்கியது. இழுபட்ட தசையின் சுருங்கு திறனே மெல்லக் கூடுகிறது என்பது இதன் பொருள். க்ளெப் வான் அன்ரெப் 1912-இல் எழுதியதால் இதற்கு அன்ரெப் விளைவு என்று பெயர். நம் படத்தில் இது இதயத்தின் கோடு செங்குத்தாவதாகத் தெரியும். சரிவு 2-இலிருந்து 2.8 வரை போனதாக வைத்தால் 140 மி.மீ.க்கு நேராக மிஞ்சுவது 50 மி.லி.தான், ஈ.டி.வி. 120-க்கே திரும்பிவிடும். உடலுக்குள் அத்தனை முழுமையாக நடப்பதில்லை. தமனி அழுத்தம் ஏறியதும், அதை உணரும் பாரோரிசப்டர் நரம்பு முனைகள் வழியே துடிப்பும் சுருங்கு திறனும் அடக்கப்படுவது இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஆண்டுக்கணக்கில் இரத்தக்கொதிப்பு உள்ளவரிடம் சுவர் தடித்து, இதயத்தின் கோடும் அடிக்கோடும் இரண்டுமே செங்குத்தாகிவிடுகின்றன. அவருடைய வளையம் உயரமாக, இயல்பான அகலத்தோடு, இயல்பான இடத்திலேயே நிற்கும். ஒரே ஆஃப்டர்லோடு கேள்விக்கு முதல் துடிப்பு, சில துடிப்புகள், சில நிமிடங்கள், சில ஆண்டுகள் என்று நான்கு படங்கள் இருக்கின்றன. எந்தப் படம் வேண்டும் என்று தேர்வாளரிடமே கேட்டுவிட்டு வரைவது மரியாதைக் குறைவாகாது. புரிந்த மாணவர் என்றே எடுத்துக்கொள்வார்.

## ஒரு வளையத்தை மட்டும் கையில் கொடுத்தால்

இந்த வழியில் போகும் வைவா பெரும்பாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். ஒரே ஒரு வளையத்தைக் காட்டி, இந்த இதயத்தின் சுருங்கு திறன் என்ன என்று கேட்பார்கள். பூச்சியத்திலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்துச் சரிவைச் சொல்லிவிடும் ஆவல் எழும். நாமும் மேலே அப்படித்தான் செய்தோம். ஆனால் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்ட தொடக்கம் அது. ஒரு மூலை என்பது ஒரு புள்ளி. ஒரு புள்ளியின் வழியே எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் போகும். கோட்டைப் பெற வேண்டுமானால் வேறு வேறு சுமையில் பல மூலைகள் வேண்டும். ஆகவேதான் மனிதரில் இதை அளப்பவர்கள், அழுத்தத்தையும் மின்கடத்துத்திறன் வழியே கனஅளவையும் ஒருசேர அளக்கும் கதீட்டரை இடது வென்ட்ரிக்கிளில் வைத்து, கீழ்ப் பெருஞ்சிரையை ஒரு பலூனால் சில நொடிகள் அடைக்கிறார்கள். உள்வரவு குறையக் குறைய வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்து இடப்புறம் கீழே இறங்குகின்றன; தமனியின் எதிர்ப்பு மாறாததால் அவற்றின் இடச்சுவர்களும் நகர்ந்துகொண்டே போகின்றன. அந்த மூலைகளைச் சேர்த்தால் கிடைப்பதுதான் கோடு. அடைப்பை நீட்டித்தால் அழுத்தம் விழுந்ததை உணர்ந்து நரம்புகள் இதயத்தை முடுக்கிவிடும். அதற்குப் பிறகு வரும் மூலைகள் வேறொரு கோட்டைச் சேர்ந்தவை. ஆகவே முதல் சில நொடிகளின் வளையங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் மூச்சைப் பிடித்திருக்கும்போது; இல்லையென்றால் மார்புக்கூட்டு அழுத்தம் மாறி, மூலைகள் கோட்டை விட்டு மேலும் கீழும் சிதறிவிடும்.